ஆடித் தள்ளுபடி விளம்பரம்: நிபந்தனை எந்தப் படத்தில் வர வேண்டும்?

இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரே பதிவில் பல படங்களை அடுக்கி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்படி வெளியிடும் விளம்பரத்துக்குக் கரோசல் என்று பெயர். ஆடி மாதத்தில் ஜவுளிக்கடைகள் இதை அதிகம் பயன்படுத்துகின்றன. வழக்கமான அமைப்பில் முதல் படத்தில் தள்ளுபடி விகிதம் பெரிய எழுத்தில் இருக்கும். நடுவில் சேலை, சுடிதார் படங்கள் வரும். கடைசிப் படத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று இருக்கும். வாடிக்கையாளர் ஏமாந்ததாக உணர்வதற்கு இந்த அமைப்பே பெரும்பாலும் காரணமாகிறது.

கரோசலை எல்லோரும் கடைசிவரை தள்ளிப் பார்ப்பதில்லை. முதல் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்பவர்கள் உண்டு. ஒருவர் தமக்குப் பிடித்த படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் தங்கைக்கு அனுப்புவார். பணம் கட்டி வெளியிடும் விளம்பரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அதிகம் கவனம் பெறும் படத்தை முன்னால் கொண்டுவரும் வசதியை நிறுத்தாமல் விட்டால், படங்களின் வரிசையே மாறக்கூடும். அதனால் ஒரு படத்தில் சொன்ன சலுகைக்கான நிபந்தனையை வேறொரு படத்தில் வைப்பது, பலருக்கு அதைச் சொல்லாமல் விடுவதற்குச் சமம். எந்தப் படத்தில் விகிதம் இருக்கிறதோ அதே படத்தில், எளிதாகப் படிக்கும் அளவில் அதன் எல்லையும் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கடை ‘50% வரை + கூடுதல் 10%’ என்று விளம்பரம் செய்கிறது. உண்மையில் 50% தள்ளுபடி சென்ற ஆண்டு வந்த பருத்திச் சேலைகளுக்கு மட்டும்தான். பட்டுச் சேலைக்கு 10%. தள்ளுபடி கழித்த பிறகு பில் 3,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அந்தத் தொகையில் இன்னொரு 10% குறையும். ஒருவர் 1,000 ரூபாய்க்கு அந்தப் பழைய வரவுப் பருத்திச் சேலை ஒன்றும், 8,000 ரூபாய்க்குப் பட்டுச் சேலை ஒன்றும் எடுக்கிறார். பருத்திச் சேலை 500 ரூபாய்க்கும் பட்டு 7,200 ரூபாய்க்கும் வருகின்றன. மொத்தம் 7,700, கூடுதல் 10% போக அவர் கட்டுவது 6,930 ரூபாய். மொத்தத்தில் அவருக்குக் கிடைத்த தள்ளுபடி 23%. முதல் படத்தைப் பார்த்து அறுபது சதவீதம் குறையும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தால், 3,600 ரூபாயோடு வந்திருப்பார். கடை பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் பில் போடும் இடத்தில் சண்டை வரும்.

இதையே நேர்மையாக எழுதுவது கடினமல்ல. முதல் படத்தில் ‘ஆடித் தள்ளுபடி: பருத்திச் சேலைகள் (சென்ற ஆண்டு வரவு) 50%, பட்டு 10%’ என்றும், அதன் கீழேயே தொடங்கும் நாள், முடியும் நாள், ஆண்டு, எந்தக் கிளை என்றும் எழுதலாம். இரண்டாம் படம் பருத்திக்கு மட்டும்: ‘1,000 ரூபாய்ச் சேலை 500 ரூபாய்’. மூன்றாவது பட்டுக்கு: ‘8,000 ரூபாய்ப் பட்டு 7,200 ரூபாய்’. கூடுதல் 10% நான்காம் படத்தில் தனியாக வரட்டும்: ‘தள்ளுபடிக்குப் பிறகு பில் 3,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தத் தொகையில் மேலும் 10% குறையும்.’ இதோடு மேலே போட்ட 6,930 ரூபாய்க் கணக்கையும் காட்டினால் இரண்டு விகிதங்களையும் யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். மாற்றித் தர முடியாது என்றால் அதைக் கடைசிப் படத்தில் மட்டும் வைக்காமல், அந்த விதி பொருந்தும் சேலையின் படத்திலேயே சொல்லிவிட வேண்டும். விகிதத்தைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் ‘வரை’ என்பதைக் கண்ணுக்கே தெரியாமல் பொடியாக எழுதும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுவது நல்லது.

வங்கி அட்டைச் சலுகையிலும் உச்ச வரம்பை விடக்கூடாது. ‘10% தள்ளுபடி, அதிகபட்சம் 1,500 ரூபாய்’ என்றால், 20,000 ரூபாய்க்கு வாங்குபவருக்குக் கிடைப்பது ஏழரை சதவீதம்தான்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நிபந்தனைக் குறிப்பு விளம்பரத்தின் முக்கிய வாசகத்துக்கு முரணாக இருக்கக் கூடாது. முக்கியத் தகவலை மறைக்கவும் கூடாது. வாசகம் எந்த மொழியில் உள்ளதோ அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் தள்ளுபடியும் ஆங்கிலத்தில் நிபந்தனையும் எழுதும் கடைகள் இதைக் கவனிக்க வேண்டும். சலுகை விலையில் போதிய சரக்கு இருக்காது என்றால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2023இல் வந்த நெறிகள், இல்லாத அவசரத்தை இருப்பதுபோல் காட்டுவதைத் தடை செய்கின்றன. ‘இன்றே கடைசி’ என்று போட்டுவிட்டு மறுநாளும் அதே விலையில் விற்பது இதில் அடங்கும்.

வெளியிடும் முன் ஒரு சோதனை போதும். கடையைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் ஒரே ஒரு படத்தைக் காட்டி, குறிப்பிட்ட சேலைக்கு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கேட்க வேண்டும். அவர் சொல்லும் தொகை பில்லில் வரும் தொகையைவிடக் குறைவாக இருந்தால், அந்தப் படத்தை மாற்றி எழுத வேண்டும். எல்லாப் படங்களுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்யலாம். விற்பனை முடிந்த அன்றே பதிவின் குறிப்பில் ‘சலுகை முடிந்தது’ என்று முதல் வரியில் சேர்க்க வேண்டும். பழைய பதிவு அடுத்த மாதமும் யாருடைய திரையிலாவது தோன்றலாம்.