பிழைச்செய்தி சொல்லக் கூடாத பெயர்

2018 மே மாதத்தில் ட்விட்டர் நிறுவனம் தன் 33 கோடிப் பயனர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. திருடர்கள் யாரும் உள்ளே நுழைந்துவிடவில்லை. கடவுச்சொற்களை உருத்தெரியாமல் மாற்றிச் சேமிக்கும் ஏற்பாடு அங்கே ஒழுங்காகவே இருந்தது. ஆனால் அந்த மாற்றம் முடிவதற்கு முன்பே, ஒரு பிழையால், கடவுச்சொற்கள் உள்ளது உள்ளபடி உள்நிறுவன லாக் ஒன்றில் பதிவாகிக்கொண்டிருந்தன. அதே வாரத்தில் கிட்ஹப் நிறுவனமும் இதே போன்ற ஒன்றைத் தன் பயனர்கள் சிலரிடம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு ஃபேஸ்புக்கின் முறை. அங்கே இப்படிச் சேர்ந்த பதிவுகளில் சில 2012 வரை பின்னோக்கிப் போயின. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

நிரல் ஓடும்போது தான் செய்வதை வரிவரியாக எழுதிவைக்கும் கோப்புதான் லாக். வேலை நின்றுபோனால் காரணம் தேட அதைத்தான் முதலில் திறப்பார்கள். அதனாலேயே அதைப் பலரும் படிக்க முடியும்: நிரலாளர், இரவுப் பணியாளர், வெளி ஒப்பந்ததாரர். வாடிக்கையாளர் விவரம் இருக்கும் டேட்டாபேஸுக்கு ஆளுக்கொரு அனுமதி, கையெழுத்து, கண்காணிப்பு எல்லாம் உண்டு. லாகுக்குப் பெரும்பாலும் அவை இல்லை.

"நாங்கள் பெயரையோ போன் எண்ணையோ லாகில் எழுதுவதே இல்லை" என்று நிரலாளர்கள் சொல்வது பொய்யல்ல. அவர்கள் எழுதுவதில்லை, பிழைச்செய்தி எழுதிவிடுகிறது. ஒரு கடன் நிறுவனத்தின் இரவு வேலையைக் கற்பனை செய்துகொள்ளலாம். கிளைகளிலிருந்து வந்த 38,912 வாடிக்கையாளர் பதிவுகளை அது ஒவ்வொன்றாக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றுகிறது. 17,406-ஆவது பதிவில் பின்கோடு விடுபட்டிருக்கிறது. டேட்டாபேஸ் அதை ஏற்க மறுத்து, காரணத்தையும் சொல்கிறது:

```
ERROR:  null value in column "pincode" of relation "customers"
        violates not-null constraint
DETAIL:  Failing row contains (40217, Zqmuthu, 5550001234, 1961-04-12, null).
```

இதில் உள்ள பெயரும் எண்ணும் பொய்யானவை. நிஜ ஓட்டத்தில் அந்த இடத்தில் ஒரு நிஜ மனிதரின் பெயர், கைபேசி எண், பிறந்த தேதி மூன்றும் இருக்கும். இல்லாத ஒரு பின்கோட்டைப் பற்றிப் புகார் சொல்ல, இருக்கும் அத்தனையையும் டேட்டாபேஸ் கொட்டிவிடுகிறது. உதவி செய்யத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பிழை தேடுகிறவருக்கு அது உண்மையிலேயே உதவியும்கூட. ஒரே கைபேசி எண் இரண்டு முறை வந்தாலும் இதே கதைதான்: எந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அது எண்ணோடு சேர்த்தே அறிவிக்கும்.

போஸ்ட்கிரெஸில் `log_error_verbosity` என்ற அமைப்பை `terse` என்று மாற்றினால் DETAIL வரி லாகில் விழாது. பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அது டேட்டாபேஸின் சொந்த லாகை மட்டுமே கட்டுப்படுத்தும். வேலையைச் செய்யும் நிரலுக்கு முழுச் செய்தியும் எப்போதும்போல் போய்ச் சேரும்; நிரல் அதை அப்படியே தன் லாகில் அச்சிட்டால் அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று திறந்திருக்கும். ஆகவே திருத்தம் நிரலிலும் வேண்டும். பிழையின் வாசகத்தை விட்டுவிட்டு, அதன் குறியீட்டையும் புலத்தின் பெயரையும் மட்டும் எடுத்து எழுத வேண்டும். பைதானில் அது இப்படி இருக்கும்:

```
except psycopg.Error as e:
    log.error("row=%s code=%s field=%s",
              row_no, e.sqlstate, e.diag.column_name)
```

இப்போது லாகில் `row=17406 code=23502 field=pincode` என்பதே மிஞ்சும். 23502 என்றால் காலியாக இருக்கக் கூடாத இடம் காலி என்று பொருள். பழுது பார்க்க இது போதும். ஆள் யாரென்று தெரிய வேண்டியவர், அனுமதியோடு மூலக் கோப்பைத் திறந்து 17,406-ஆவது வரியைப் பார்த்துக்கொள்ளலாம்.

வரிசை எண் அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டுமே பயன்படும். ஒரே வாடிக்கையாளர் தினமும் தடுக்கி விழுகிறாரா என்று அறிய அது உதவாது. அதற்காகக் கைபேசி எண்ணை ஹாஷ் செய்து, அதாவது திரும்பப் பிரிக்க முடியாததுபோல் தோன்றும் நீண்ட எழுத்துக்கோவையாக மாற்றி, எழுதும் பழக்கம் உண்டு. பார்க்கப் பத்திரமாகத்தான் தெரியும். ஆனால் இந்தியக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். பின்னால் ஒன்பது இலக்கங்கள். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்க, கேம் விளையாட வாங்கிய கிராஃபிக்ஸ் அட்டை ஒன்றே போதும். வேலை நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். 2014-இல் நியூயார்க் நகர டாக்ஸிகளின் முந்தைய ஆண்டுப் பயணங்கள், 17 கோடிக்கும் மேல், இப்படி ஹாஷ் செய்த வண்டி எண்களோடு வெளிவந்தபோது, ஒரு மென்பொருள் பொறியாளர் சில மணி நேரத்துக்குள் அவற்றை நிஜ எண்களாகத் திருப்பிக் காட்டினார். ரகசியச் சாவி ஒன்றைச் சேர்த்துச் செய்யும் HMAC முறைக்கு இந்தப் பலவீனம் இல்லை, சாவி லாகுக்கு அருகே கிடக்காதவரை. அதைவிட எளிது, வாடிக்கையாளருக்கு நிறுவனம் தந்திருக்கும் உள் அடையாள எண்ணை எழுதுவது. வெளியாளுக்கு அதில் ஒன்றும் புரியாது. டேட்டாபேஸைத் திறக்க முடிந்தவருக்கு மட்டும் அது ஒரு ஆளைக் காட்டும்; எனவே அந்த லாகையும் கண்டவர் கையில் விடுவதற்கில்லை.

காலையில் மேலாளர்களுக்குப் போகும் சுருக்க மின்னஞ்சல் இன்னொரு வாசல். "படித்தவை 38,912, ஏற்றியவை 38,905, மறுத்தவை 7: பின்கோடு இல்லை 5, எண் இரட்டிப்பு 2" என்பதோடு அது நின்றால் யாருக்கும் பாதகமில்லை. யாரோ ஒருவர், வசதிக்காக, மறுக்கப்பட்ட ஏழு பதிவுகளையும் ஒரு கோப்பாக இணைக்கச் சொல்வார். அன்றிலிருந்து அந்த விவரங்கள் பெறுநர் ஒவ்வொருவரின் பெட்டியிலும், அவர்கள் கைபேசியிலும், முன்னனுப்பிய இடங்களிலும் தங்கிவிடும். அந்த ஏழையும் டேட்டாபேஸிலேயே தனி அட்டவணையில் வைத்து, குறித்த நாளில் தானாக அழியவிட்டு, மின்னஞ்சலில் அட்டவணையின் பெயரை மட்டும் சொல்வது நல்லது. எண்ணிக்கையும் சில வேளை ஆளைக் காட்டிக்கொடுக்கும். நாற்பது பேர் மட்டுமே கடன் வாங்கியிருக்கும் சிற்றூர்க் கிளைக்கு "தவணை தவறியவர்: 1" என்று போனால், அங்கே வேலை பார்ப்பவருக்குப் பெயர் தேவையில்லை. அத்தகைய கிளைகளை வட்டாரமாகச் சேர்த்துச் சொல்லலாம்.

இதெல்லாம் செய்த பிறகும் கசிகிறதா என்று எப்படி அறிவது? பத்து இலக்க எண்களைத் தேடும் நிரல்கள் உண்டு. அவை எண்ணைப் பிடிக்கும். பெயரையும் தெருவையும் பிடிக்காது. இதைவிட உறுதியான வழி, வேண்டுமென்றே ஒரு பொய்யான ஆளை உள்ளே அனுப்புவது. மேலே வந்த `Zqmuthu` அப்படிப்பட்டவர்தான். அந்தப் பெயரில் யாரும் இருக்க வாய்ப்பில்லை. 5-இல் தொடங்கும் கைபேசி எண் யாருக்கும் கிடையாது. சோதனை ஓட்டத்தில் அவரைப் பின்கோடு இல்லாமல் ஒரு முறையும், இரட்டிப்பாக ஒரு முறையும், கோளாறான பிறந்த தேதியோடு ஒரு முறையும் அனுப்ப வேண்டும். ஒழுங்கான பதிவுகளை மட்டும் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. கசிவு தோல்வியின்போதுதான் நடக்கிறது. பிறகு:

```
grep -rn -e "Zqmuthu" -e "5550001234" /var/log/jobs
```

ஒரு வரி கிடைத்தாலும் அந்த நிரல் வெளியீட்டுக்குத் தகுதி பெறாது. மின்னஞ்சலின் நகலையும், பிழைகளைத் திரட்டும் வெளிச்சேவை ஏதும் இருந்தால் அதையும் இதேபோல் தேட வேண்டும்.

பழைய லாக்கள் தனிப் பிரச்சினை. அவை பெரும்பாலும் `.gz` கோப்புகளாகச் சுருக்கப்பட்டிருக்கும். சாதாரண `grep` அவற்றின் உள்ளே பார்க்காமல் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடும். `zgrep` வேண்டும். அங்கே `Failing row contains` என்ற தொடரைத் தேடினாலே முந்தைய மாதங்களின் நிலவரம் தெரிந்துவிடும். அகப்பட்ட கோப்புகளை அழிப்பது எளிது. காப்புப் பிரதிகளுக்குள் நுழைந்து ஒரு வரியை மட்டும் நீக்குவது பெரும்பாலும் நடக்காத காரியம்; அவற்றின் ஆயுள் முடியும் தேதியைக் குறித்துக்கொண்டு, அதுவரை திறக்கும் உரிமையைச் சிலரோடு நிறுத்திவைக்கிறார்கள்.