ஓசூரில் டெங்கு: புகைக்குத் தப்பும் முட்டையும் புதுச்சேரிக் கொசுவும்

புகை ஏன் போதாது?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைப்பது வழக்கம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த டிரம்தான் பிரசவ அறை. பெண் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் முட்டைகளை ஒட்டிவிடும். கரும்புள்ளிகளாகத் தெரியும் அவை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது; தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிந்து, 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். புகை மருந்தால் பறக்கும் கொசுவைத்தான் கொல்ல முடியும். கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணியிலும் ஒளிந்திருப்பது தப்பிவிடும். முட்டைக்கோ ஒன்றும் ஆகாது.

கொசுவுக்குள் ஒரு பாக்டீரியா

வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பல பூச்சிகளின் உடலில் இயல்பாகவே வாழ்கிறது. மனிதருக்கு நோய் தருவதில்லை. ஏடிஸ் ஏஜிப்டி கொசுவில் அது இயற்கையாக இல்லை. புகுத்தினால், கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது வெகுவாகக் குறைகிறது.

அது பரவும் விதம்தான் சிறப்பு. பாக்டீரியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண்ணுடன் சேர்ந்தால் முட்டை பொரியாது. பாக்டீரியா உள்ள பெண் எந்த ஆணுடன் சேர்ந்தாலும் முட்டை பொரியும். குஞ்சுகளுக்கும் பாக்டீரியா போய்ச்சேரும். அதனால் இத்தகைய கொசுக்களைச் சில மாதங்கள் விட்டுவந்தால் ஊர்க் கொசுக்களில் பெரும்பாலானவை அந்த வகையாகிவிடும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிச் செய்த பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021-இல் ஆய்வு முடிவு வெளியானது.

புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, வோல்பாக்கியா உள்ள கொசுவை நம் ஊர்க் கொசுவோடு கலந்து இரண்டு வகைகளை உருவாக்கியதாக 2022-இல் அறிவித்தது. ஒன்று டபிள்யூமெல், மற்றொன்று டபிள்யூஆல்ப்-பி. வெயிலில் தண்ணீர் சூடேறினால் முதல் வகையில் பாக்டீரியா குறைந்துவிடும். இரண்டாவது வகை சூட்டை அதிகம் தாங்கும். அரசு அனுமதி கிடைத்த பிறகே இவற்றை ஊருக்குள் விட முடியும். விட்ட பிறகும் பெண் கொசு கடிக்கும் என்பதை மக்களிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

நம் கையில் இருப்பது

வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து, உட்சுவரைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டை சுவரிலேயே இருக்கும். பிறகு துணியால் வாய் கட்டி மூடுங்கள். லாரி பட்டறைகளில் கிடக்கும் பழைய டயர்களைக் கூரைக்கு அடியில் வையுங்கள்.

ஏடிஸ் சில நூறு மீட்டர்தான் பறக்கும். அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே வைரஸைச் சுமப்பது, வேலைக்கு வந்துபோகும் மனிதரின் ரத்தம்தான். காய்ச்சல் கண்டவர் முதல் 5 நாட்களாவது பகலிலும் கொசுவலைக்குள் படுத்தால், அடுத்த கொசுவுக்கு வைரஸ் போகாது. பக்கத்து அறைத் தொழிலாளி தப்புவார்.