பழைய அணுக்கள் மட்டும் ஏன் உடைந்தன?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் நகரத்தை ஒட்டி ஸ்டேட்வில் என்றொரு சிறைச்சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி, சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர் ஆல்ஃப் ஆல்விங்கின் குழு அங்கே மலேரியா மருந்துகளைக் கைதிகள்மீது சோதித்துவந்தது. கைதிகள் தாமாகவே முன்வந்தார்கள் என்று அப்போது சொன்னார்கள். கம்பிக்குள் இருப்பவர் தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற கேள்வி பின்னால் எழுந்தது, இன்னும் ஓயவில்லை.

அங்கே சோதிக்கப்பட்ட மருந்துகளில் முக்கியமானது பிரைமாகுவின். ஈரலில் பதுங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மறுபடி காய்ச்சலைக் கிளப்பும் வைவாக்ஸ் மலேரியாக் கிருமியை அது அழித்தது. தினம் 30 மில்லிகிராம் கொடுத்தபோது பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. கறுப்பினக் கைதிகளில் சிலருக்கு மட்டும் இரண்டு மூன்று நாளிலேயே சிறுநீர் கறுத்தது, கண் மஞ்சளானது, ஹீமோகுளோபின் சரிந்தது. இரத்தச் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைந்துகொண்டிருந்தன.

கோளாறு அணுவிலா, உடலிலா? இதைத் தெரிந்துகொள்ள ஆல்விங் குழு ஒரு நேரடியான சோதனை செய்தது. பாதிக்கப்படும் ஒருவரின் சிவப்பணுக்களுக்குக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, பாதிக்கப்படாத ஒருவருக்கு ஏற்றினார்கள். அவருக்குப் பிரைமாகுவின் கொடுத்ததும், வந்து சேர்ந்த அணுக்கள் உடைந்தன, அவருடைய சொந்த அணுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாற்றிச் செய்தபோது, பாதிக்கப்படுபவரின் உடலுக்குள் போன நல்ல அணுக்கள் நலமாகவே இருந்தன. ஆகவே கோளாறு அணுவுக்குள்தான்.

அதைவிட விசித்திரமான ஒன்றும் தெரியவந்தது. மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்தாலும், ஒரு வாரம் பத்து நாளில் அணுக்கள் உடைவது தணிந்து ஹீமோகுளோபின் தானாகவே மேலேறியது. எர்னஸ்ட் பாய்ட்லரும் உடன் பணிபுரிந்தவர்களும் கதிரியக்க இரும்பால் அணுக்களின் வயதைக் குறித்துவைத்துப் பார்த்தார்கள். பிறந்து மூன்று வாரத்துக்குள் இருந்த அணுக்கள் மருந்தைத் தாங்கின. இரண்டு மாதம் கடந்தவை உடைந்தன. அதாவது, பிரைமாகுவின் அந்த உடலில் கிழட்டு அணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தது. அவை தீர்ந்ததும் எஞ்சியவை இளம் அணுக்கள். எலும்பு மஜ்ஜை அனுப்பிவைத்த புதியவையும் இளம் அணுக்கள்தாம்.

ஏன் இப்படி என்பதற்கான விடை, நம் உயிரணுக்கள் எல்லாவற்றிலும் சர்க்கரை போகும் ஒரு கிளைப்பாதையில் இருக்கிறது. பென்டோஸ் பாஸ்பேட் பாதை என்று அதற்குப் பெயர்.

உயிரணுவுக்குள் நுழைந்த குளுக்கோஸின்மேல் முதலில் ஒரு பாஸ்பேட் ஏறிக்கொள்கிறது. அங்கிருந்து இரண்டு வழி. பெரும்பகுதி கிளைகாலிசிஸ் என்ற நேர்வழியில் போய், உடைந்து, உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது. சிறு பகுதி கிளைப்பாதையில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் நிற்கும் நொதியின் பெயர் நீளமானது: குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ். மருத்துவர்கள் சுருக்கி ஜி6பிடி என்பார்கள்.

இந்த நொதி சர்க்கரையிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பறித்து, என்ஏடிபி என்ற மூலக்கூறிடம் ஒப்படைக்கிறது. பெற்றுக்கொண்ட மூலக்கூறு என்ஏடிபிஹெச் ஆகிறது. அதற்குப் பிறகு வரும் இன்னொரு படியிலும் இதேபோல் ஒரு என்ஏடிபிஹெச் உருவாகிறது. அந்தப் படியில் ஆறு கார்பன் கொண்ட சர்க்கரை ஒரு கார்பனைக் கரியமில வாயுவாக இழந்து, ஐந்து கார்பன் சர்க்கரையாகிறது. ஆக, ஒரு குளுக்கோஸ் இந்த வழியே போனால் இரண்டு என்ஏடிபிஹெச்சும் ஓர் ஐந்து கார்பன் சர்க்கரையும் கிடைக்கின்றன. அந்தச் சர்க்கரையை எளிதில் ரைபோஸாக மாற்றிக்கொள்ளலாம். டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டையும் கட்டுவதற்கு ரைபோஸ்தான் அடிப்படை.

உடலின் மற்ற உயிரணுக்களுக்கு இந்த இரண்டும் தேவை. எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பிரிந்து பெருகும் அணுக்களுக்கு டிஎன்ஏ எழுத ரைபோஸ் வேண்டும். கொழுப்பைக் கட்டும் ஈரலுக்கு என்ஏடிபிஹெச் வேண்டும். முதிர்ந்த சிவப்பணுவின் கதை வேறு. ஹீமோகுளோபினுக்கு இடம் விடுவதற்காக அது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டது. மைட்டோகாண்ட்ரியாவும் அதனிடம் இல்லை. டிஎன்ஏ எழுத வேண்டாம் என்பதால் ரைபோஸுக்கு அங்கே அதிக வேலை இல்லை. எனவே ஐந்து கார்பன் சர்க்கரைகளை அது கலைத்து அடுக்குகிறது. அப்படி மூன்று சர்க்கரைகளில் உள்ள பதினைந்து கார்பன்களும் இரண்டு ஆறு கார்பன் சர்க்கரைகளாகவும் ஒரு மூன்று கார்பன் துண்டாகவும் மாறி நேர்வழிக்கே திரும்பிப் போகின்றன. சிவப்பணு இந்தப் பாதையில் தேடுவது என்ஏடிபிஹெச்சைத்தான்.

மற்ற உயிரணுக்கள் என்ஏடிபிஹெச்சை வேறு வழிகளிலும் தயாரித்துக்கொள்ளும். ஜி6பிடி குறைந்தாலும் அவை பெரும்பாலும் சமாளித்துவிடும். சிவப்பணுவுக்கு மாற்று வழி இல்லை. ஆனால் அதற்குத்தான் ஆபத்து அதிகம். ஆக்சிஜனைச் சுமப்பதே அதன் தொழில். ஹீமோகுளோபினோடு ஒட்டிய ஆக்சிஜன் சில நேரம் ஓர் எலக்ட்ரானைத் திருடிக்கொண்டு வெளியேறுகிறது. ஆரோக்கியமான மனிதரிடமே ஒரு நாளில் ஹீமோகுளோபினில் ஓரிரு சதவீதம் இப்படிக் கெடுகிறது. திருடிய எலக்ட்ரானோடு வெளியேறிய ஆக்சிஜன் பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. அதை அப்படியே விட்டால் அணுவின் புரதங்களும் சவ்வும் அரிக்கப்படும்.

இதைத் தடுக்கும் முதன்மைப் பொருள் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு. பெராக்சைடைத் தண்ணீராக்கும்போது குளூட்டாதயோன் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு, இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு செயலிழக்கிறது. அதைப் பிரித்து மறுபடி வேலைக்கு அனுப்புவதற்கு வேண்டிய எலக்ட்ரான்கள் என்ஏடிபிஹெச்சிடமிருந்து வருகின்றன. சாதாரண நாளில் சிவப்பணு தன் குளுக்கோஸில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் கிளைப்பாதைக்கு அனுப்புகிறது. என்ஏடிபிஹெச் நிறைய இருக்கும்வரை அதுவே ஜி6பிடியை அடக்கி வைத்திருக்கும். தாக்குதல் வந்து கையிருப்பு செலவானதும் தடை விலகி, பாதையில் ஓட்டம் பல மடங்கு கூடும்.

பிரைமாகுவின் உடலுக்குள் மாறி உண்டாகும் பொருள்கள் இந்தத் தாக்குதலைத்தான் பெருமளவில் தூண்டிவிடுகின்றன. நல்ல அணு கிளைப்பாதையை முடுக்கிச் சமாளிக்கிறது. ஸ்டேட்வில்லில் பாதிக்கப்பட்டவர்களின் அணுக்களில் குளூட்டாதயோன் குறைவாக இருந்தது முன்பே தெரிந்திருந்தது. அந்தக் குறை எந்தப் படியில் தொடங்குகிறது என்பதை 1956இல் பால் கார்சனும் ஆல்விங் குழுவினரும் பிடித்தார்கள். உடைத்துப் பிழிந்த அணுக்களின் சாற்றில், திருப்பத்துக்கு முந்தைய சர்க்கரையைக் கொடுத்தபோது என்ஏடிபிஹெச் மிகக் குறைவாகவே உருவானது. அந்தத் திருப்பத்தைத் தாண்டிய, அடுத்த படிக்குரிய பொருளைக் கொடுத்தபோது இயல்பாக உருவானது. பின்னால் வரும் படிகள் நலமாக இருந்தன, முதல் படியின் நொதியான ஜி6பிடியில்தான் குறை இருந்தது.

குளூட்டாதயோன் தீர்ந்தபின் நடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். கெட்டுப்போன ஹீமோகுளோபின் கட்டியாகத் திரண்டு, அணுவின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. தகுந்த சாயம் ஏற்றினால் அந்தத் துகள்கள் கண்ணுக்குத் தெரியும், ஹெயின்ஸ் துகள்கள் என்று அவற்றுக்குப் பெயர். மண்ணீரல் அவற்றைப் பிடுங்கி எறியப் பார்க்கும்போது அணுவின் ஓரம் கடித்த பிஸ்கட்போல் குறைபடும். சிலவோ இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்துவிடும். அப்படி வெளியே கொட்டிய ஹீமோகுளோபின்தான் சிறுநீரைக் கறுக்கச் செய்தது.

இனி, பழைய அணுக்கள் மட்டும் ஏன் என்ற கேள்வி. உட்கருவை இழந்த சிவப்பணுவால் புதுப் புரதம் எதையும் செய்ய முடியாது. மஜ்ஜையை விட்டு வரும்போது கொண்டுவந்த ஜி6பிடியை வைத்தே அது ஏறத்தாழ 120 நாள் ஆயுளையும் ஓட்ட வேண்டும். நல்ல நொதி பாதியாகக் குறைய ஏறத்தாழ 60 நாளாகும், ஆகவே கடைசி நாளிலும் போதிய மிச்சம் இருக்கும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பரவலாகக் காணப்படும் மாறுபட்ட நொதியோ 13 நாள் அளவிலேயே பாதியாகிவிடுகிறது. இரண்டு மாதமான அணுவில் பதினாறில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இளம் அணுவில் சமாளிக்கும் அளவுக்கு இன்னும் இருக்கும். பாய்ட்லர் இரும்பால் குறித்துப் பார்த்த வயது வித்தியாசம் உண்மையில் நொதியின் தேய்மானம்.

இந்த விளக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. மத்தியதரைக்கடல் பகுதியில் பரவலாக உள்ள வகையில் நொதி இன்னும் வெகு விரைவாக அழிகிறது, இளம் அணுவிலும் அதிகம் இருக்காது. அவர்களுக்கு மருந்தைத் தொடர்ந்தால் உடைவது தானாக நிற்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். ஃபாவா என்ற பெரிய அவரையைத் தின்று சிலர் மயங்கி விழுவதும் இதே குறையால்தான். இந்தியாவில் இந்த மத்தியதரைக்கடல் வகையும், கேரளா-கல்யாண், ஒரிசா என்று பெயரிடப்பட்ட வகைகளும் காணப்படுகின்றன. எனவே 'சில நாளில் சரியாகிவிடும்' என்ற ஸ்டேட்வில் அனுபவத்தை இங்கே நம்ப முடியாது. இந்தியாவில் வைவாக்ஸ் மலேரியாவுக்கு இன்றும் 14 நாள் பிரைமாகுவின் கொடுக்கிறார்கள். குறை உள்ளவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில் வாரம் ஒரு முறை என எட்டு வாரம் கொடுப்பது மாற்று முறை. தொழுநோய்க்குத் தரும் டாப்சோனும், அலமாரியில் போடும் நாப்தலீன் உருண்டையும் இவர்களுக்கு ஆகாதவை. பிறந்த குழந்தைகளுக்கு அந்த உருண்டையின் வாசம் ஊறிய துணிகூடக் கெடுதல் செய்யும்.

ஜி6பிடியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றுதான் என்பதால் குறை அவர்களிடம் முழுமையாக வெளிப்படும். பெண்களுக்கு இரண்டு. ஒன்று மட்டும் பழுதானால் அவர்கள் இரத்தத்தில் நல்ல அணுவும் குறையுள்ள அணுவும் கலந்திருக்கும், அவற்றின் விகிதம் ஆளுக்கு ஆள் மாறும்.

குறையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஒரு துளி இரத்தத்தோடு சர்க்கரையும் என்ஏடிபியும் கலந்து, தாளில் வைத்து, புறஊதா விளக்கில் காட்டுவார்கள். என்ஏடிபிஹெச் உருவாகியிருந்தால் புள்ளி ஒளிரும், நொதி இல்லையென்றால் இருளும். இந்தச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. மருந்தால் அணுக்கள் உடைந்து முடிந்த கையோடு சோதித்தால், குறை உள்ளவரிடமும் புள்ளி ஒளிரக்கூடும். நொதி தீர்ந்த கிழட்டு அணுக்கள் ஏற்கெனவே அழிந்துபோய், மஜ்ஜை அவசரமாக அனுப்பிய இளம் அணுக்கள் மட்டும் இரத்தத்தில் நிற்பதே காரணம். அப்போது வரும் 'இயல்பு' என்ற அறிக்கையை நம்பாமல், அந்த இளம் அணுக்கள் வயதாகும்வரை ஏறத்தாழ மூன்று மாதம் பொறுத்து மறுபடி சோதிக்கச் சொல்வார்கள். அதற்கு முன்பே பிரைமாகுவின் தொடங்க வேண்டியிருந்தால், அந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு, குறை இருப்பதாகவே எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.