மேல்தொட்டி மோட்டாருக்கு மைக்ரோபைத்தானா, சி மொழியா?

மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும், நிரம்பினால் தானாக நிற்க வேண்டும், போரில் தண்ணீர் வற்றினால் மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் கருகும் முன் நிற்க வேண்டும். வீட்டிலேயே எலெக்ட்ரானிக்ஸ் செய்து பார்ப்பவர்களில் பலர் முதலில் கை வைப்பது இந்த வேலையில்தான். ராஸ்பெரி பை பைக்கோ போன்ற ஒரு சிறு மைக்ரோகண்ட்ரோலர் பலகை, தொட்டி மூடியில் கீழ்நோக்கிப் பொருத்திய அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு ரிலே, இவை போதும். ஆனால் அந்த ரிலேயை மோட்டாரோடு நேரடியாக இணைக்கக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. அதனால் ரிலே ஒரு காண்டாக்டரை இயக்க வேண்டும், காண்டாக்டர்தான் மோட்டாரை இயக்க வேண்டும். அந்தப் பகுதியை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

மீதி நிரலை எந்த மொழியில் எழுதுவது என்பதுதான் இங்கே பேச்சு. சி அல்லது சி++ மொழியில் எழுதினால், கம்பைலர் அதை உங்கள் கணினியிலேயே சிப்புக்குப் புரியும் எந்திரக் கட்டளைகளாக மாற்றிவிடும். சிப்புக்குள் போவது அந்தக் கட்டளைகள் மட்டுமே. மைக்ரோபைத்தானில் நிலைமை வேறு. டேமியன் ஜார்ஜ் 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டித் தொடங்கிய திட்டம் அது. பைத்தான் மொழியைப் படித்து இயக்கும் ஒரு முழு மென்பொருள் சிப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். உங்கள் நிரலை அது இயங்கும் நேரத்தில் ஒவ்வோர் அடியாக எடுத்து நடத்தும்.

அதனால் வேகம் குறையும். வெறும் கணக்கை லூப்பில் ஓட்டினால் சி மொழி சில பத்து மடங்கு, சில வேளை நூறு மடங்கு முந்தும். இதைக் கேட்டதும் பலர் மைக்ரோபைத்தானை ஒதுக்கிவிடுகிறார்கள். தொட்டி வேலையில் அந்த வேகம் எங்கே செலவாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டம் சென்சாருக்கு ஒரு மீட்டர் கீழே இருந்தால், ஒலி போய்த் திரும்ப ஏறக்குறைய 5.8 மில்லிவினாடி ஆகும். ஒரு சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோவினாடி என்று கணக்கு. பைத்தான் லூப் எதிரொலியைக் கவனிப்பதில் 10 மைக்ரோவினாடி பிந்தினாலும் பிழை இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. குழாயிலிருந்து விழும் தண்ணீர் எழுப்பும் அலையே அதைவிட உயரம். அதோடு, துடிப்பின் நீளத்தை அளக்கும் `time_pulse_us` என்ற செயல்கூறு மைக்ரோபைத்தானுக்குள் சி மொழியிலேயே எழுதப்பட்டது. நீங்கள் பைத்தானில் ஒரு வரி எழுதுகிறீர்கள், அளவெடுப்பது சி.

வேகம் உண்மையில் கடிக்கும் இடம் இன்னொன்று. மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் அது இழுக்கும் கரண்ட் குறையும். ஒரு கரண்ட் சென்சாரை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. சுற்றுக்கு 40 அளவு வேண்டுமென்றால் அரை மில்லிவினாடிக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். அந்த வேகத்தைப் பைத்தான் தாங்கும். ஆனால் மைக்ரோபைத்தான், பயன்படாத நினைவகத்தைத் திரட்டிச் சுத்தம் செய்ய இடையிடையே நின்றுவிடும். அந்த நிறுத்தம் 5 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால் கால் சுற்று காணாமல் போகும், கணக்கு தப்பும். இதற்கு வழி இருக்கிறது. ஐந்து சுற்றுக்கான 200 எண்களுக்கு முன்கூட்டியே ஓர் அணியை ஒதுக்கி, `gc.collect()` என்று சொல்லி அப்போதே சுத்தம் செய்ய வைத்து, பிறகு அளவுகளை அந்த அணிக்குள் நிரப்ப வேண்டும். நிரப்பும்போது புதிதாக எதையும் உருவாக்காவிட்டால் இடையில் சுத்தம் செய்ய வேலை வராது. சராசரியை அப்புறம் நிதானமாகப் போடலாம். சி மொழியில் இந்த ஜாக்கிரதை எதுவும் தேவையில்லை.

ஆனால் அதே கணக்கில் சி மொழிக்கு வேறு பள்ளம் உண்டு. ஆர்டுயினோ ஊனோவில் `int` என்றால் 16 பிட், 32,767 வரைதான் கொள்ளும். கரண்ட் அளவின் விலகல் 200 என்று வந்து, அதை இப்படி வர்க்கம் எடுத்தால்:

```
int d = 200;
long s = d * d;
```

`s` இல் 40,000 இருக்காது, -25,536 இருக்கும். பெருக்கல் 16 பிட்டுக்குள்ளேயே நடந்து, நிரம்பி வழிந்த பிறகுதான் விடை `long` இல் போய் உட்காருகிறது. நிரல் நிற்காது, ஓடிக்கொண்டே பொய் சொல்லும். `(long)d * d` என்று எழுதினால் சரியாகிவிடும். பைத்தானில் எண் பெரிதானால் அதற்கேற்ற இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும்.

நினைவகத்தில் வேறுபாடு இன்னும் கூர்மை. ஊனோவில் இருக்கும் ராம் 2 கிலோபைட். மைக்ரோபைத்தான் அதற்குள் நுழையவே முடியாது. குறைந்தது 16 கிலோபைட் ராமும் 256 கிலோபைட் நிரல் இடமும் அதற்கு வேண்டும். பைக்கோவில் 264 கிலோபைட் ராம் இருப்பதால் நெருக்கடி தெரியாது. தெரியாததே சிக்கல். நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்து ஒரு நாள் பதிவை வைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். மொத்தம் 1,440 எண்கள். தசம எண்களாகப் பைத்தான் பட்டியலில் சேர்த்தால், பைக்கோவில் ஒவ்வொன்றும் 16 பைட், அதைச் சுட்டும் முகவரிக்கு 4 பைட், ஆக 28,800 பைட். அதே அளவை மில்லிமீட்டரில் முழு எண்ணாக்கி `array('H', ...)` என்ற அணியில் வைத்தால் 2,880 பைட்தான். சி மொழியில் `uint16_t` அணி பிடிப்பதும் அதே இடம். மொழியை மாற்றாமலே பத்தில் ஒரு பங்காக்கலாம்.

பட்டியலில் இன்னொரு தொல்லை, நினைவகம் துண்டாவது. பேருந்தில் பத்து இருக்கை காலி, ஆனால் பத்தும் சிதறிக் கிடந்தால் நாலு பேர் குடும்பம் சேர்ந்து உட்கார முடியாது. மைக்ரோபைத்தான் சுத்தம் செய்யுமே தவிர, இருப்பவற்றை நகர்த்தி ஒன்றுசேர்க்காது. எனவே `gc.mem_free()` நிறைய மிச்சம் காட்டும்போதே `MemoryError` வந்து நிரல் விழும். மேசையில் ஒரு மணி நேரம் சோதித்தால் எல்லாம் நன்றாகவே ஓடும். சில நாள் கழித்து, பெரும்பாலும் பதிவை நீளமான சரமாக ஒட்டி அனுப்பும் வரியில், விழும். நிமிடத்துக்கொருமுறை `gc.mem_free()` எண்ணை அச்சிட்டு வந்தால், ஏறி இறங்கும் எண்ணின் உச்சம் நாளுக்கு நாள் தாழ்வதைக் காணலாம். அப்படித் தாழ்ந்தால் எங்கோ எதையோ சேர்த்துக்கொண்டே போகிறீர்கள். உச்சம் தாழாமலே `MemoryError` வந்தால் துண்டானதுதான் காரணம். சி மொழியிலோ, நிலையான அணிகள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்பதை ஆர்டுயினோ மென்பொருள் கம்பைல் செய்ததும் சொல்லிவிடும்.

பிழை கண்டுபிடிப்பதில்தான் மைக்ரோபைத்தான் மனசைப் பிடிக்கிறது. பலகையை யூ.எஸ்.பி.யில் செருகி, தோனி மென்பொருளைத் திறந்து, `>>>` குறிக்கு எதிரே நேரடியாகத் தட்டலாம்:

```
>>> import time
>>> from machine import Pin, time_pulse_us
>>> trig = Pin(3, Pin.OUT, value=0)
>>> echo = Pin(2, Pin.IN)
>>> trig.on(); time.sleep_us(10); trig.off(); time_pulse_us(echo, 1, 30000)
5830
```

5830ஐ 58 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 100 சென்டிமீட்டர். கையை சென்சாருக்கு எதிரே நீட்டி, மேல் அம்பைத் தட்டி மறுபடி ஓட்டினால் எண் சுருங்கும். வயர் சரியா, சென்சார் உயிரோடு இருக்கிறதா என்பது நிரல் எழுதும் முன்பே தெரிந்துவிடும். (5 வோல்ட்டில் ஓடும் சென்சாரின் எதிரொலிக் காலில் 5 வோல்ட் வரும், பைக்கோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும்.) இப்போது எதிரொலி வயரைக் கழற்றிப் பாருங்கள். -2 வரும், துடிப்பு தொடங்கவே இல்லை என்று அர்த்தம். தொடங்கிய துடிப்பு முடியவில்லை என்றால் -1. இவற்றைக் கவனிக்காமல் 58 ஆல் வகுத்தால் தூரம் பூஜ்யத்தை ஒட்டி வரும், நிரல் அதைத் தொட்டி நிரம்பியதாக எடுத்துக்கொள்ளும். எலி வயரைக் கடித்த அன்று வீட்டில் தண்ணீர் ஏறாது. சி மொழியில் இதே சோதனைக்கு எழுதி, கம்பைல் செய்து, ஏற்றி, அச்சில் பார்க்க வேண்டும். எண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே சுற்று.

ஆனால் கம்பைலர் செய்யும் ஒரு காவல் பைத்தானில் இல்லை. தண்ணீர் வற்றினால் நிறுத்தும் பகுதியில் `motor.off()` என்பதற்குப் பதில் `motor.of()` என்று தட்டிவிட்டீர்கள் என்று வையுங்கள். கம்பைலர் நிரலைச் சிப்புக்குள் ஏற்றவே விடாது. மைக்ரோபைத்தான் அந்த வரிக்கு வரும்வரை எதுவும் சொல்லாது. மழைக்காலம் முழுக்கப் போரில் தண்ணீர் இருந்தால் அந்த வரி ஓடவே ஓடாது. மே மாதம் வற்றிய அன்று முதல்முறையாக ஓடும், `AttributeError` எழும், நிரல் நின்றுவிடும். நிரல் நின்றாலும் பைக்கோவின் கால் இருந்த நிலையிலேயே இருக்கும். ரிலே போட்டபடியே நிற்கும், மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டே இருக்கும். எதைத் தடுக்க இதைச் செய்தோமோ அதுவே நடக்கும். ஆகவே முழு நிரலையும் இப்படிப் பொதிந்து வைக்க வேண்டும்:

```
try:
    main()
finally:
    motor.off()
```

என்ன பிழை எழுந்தாலும் கடைசியில் மோட்டார் நிற்கும். நிரல் விழாமல் எங்கோ உறைந்து நின்றால் இதுவும் உதவாது, அதற்கு `WDT` என்ற காவல் கடிகாரம் இருக்கிறது. பைக்கோவில் அதன் அதிகபட்சம் 8 வினாடியைச் சற்றுத் தாண்டும். அதற்குள் நிரல் அதைத் தட்டாவிட்டால் சிப் மறுபடி தொடங்கும். ஒருமுறை தொடங்கியதை நிறுத்த முடியாது என்பதால், சோதனை முடிந்த பிறகே அந்த வரியைச் சேருங்கள். இல்லையென்றால் `>>>` முன் நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும்போதே பலகை மறுதொடக்கம் ஆகும்.

சி மொழியின் பிழைகள் இதற்கு எதிர்க்குணம் கொண்டவை. 1,440 இடமுள்ள அணியில் 1,441வது இடத்தில் எழுதினால் பைத்தான் `IndexError` என்று வரி எண்ணோடு நிற்கும். சி பேசாமல் பக்கத்து மாறியின் மேல் எழுதும். அது மோட்டார் நிலையைக் குறிக்கும் மாறியாக இருந்தால், ஒரு நாள் பதிவு நிறைந்த கணத்தில் மோட்டார் காரணமில்லாமல் ஓடும் அல்லது நிற்கும். ஒரே நேரத்தில், ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் விசித்திரம் தெரிந்தால் முதலில் அணியின் எல்லையைச் சந்தேகியுங்கள். இன்னொரு பைக்கோவை மூன்று வயரில் இணைத்து டீபக்கராக்கினால், நிரலை நிறுத்தி மாறிகளை உள்ளே பார்க்கலாம்.

தொட்டி மோட்டாருக்கு நான் மைக்ரோபைத்தானையே சொல்வேன். மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது, வேலை வினாடிக் கணக்கில் நடக்கிறது, சென்சார்தான் அடிக்கடி சரிபார்க்க வேண்டிய பகுதி. பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய மட்டக் காட்டி என்றால் சி. அங்கே சிப் விழித்திருக்கும் ஒவ்வொரு மில்லிவினாடிக்கும் பேட்டரி கரைகிறது, பைத்தானோ ஒவ்வொரு விழிப்பிலும் தன்னைத் தயார்செய்துகொள்ளவே நேரம் எடுக்கும். எந்த மொழியானாலும் காண்டாக்டரை இணைக்கும் முன், ரிலேயில் ஒரு விளக்கை மாட்டி மூன்று சோதனை செய்யுங்கள்: விளக்கு எரியும்போது சென்சார் வயரைப் பிடுங்குங்கள், தண்ணீர் வற்றிய நிலையைப் பொய்யாக உண்டாக்குங்கள், நிரலுக்குள் வேண்டுமென்றே ஒரு பிழையை எழுப்புங்கள். மூன்றிலும் விளக்கு அணைய வேண்டும்.