குழந்தையின் நாடி 138: பயப்பட வேண்டுமா?

கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் புதுச்சேரியில் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் கிடக்கிறது. சளி பிடித்த பத்து மாதக் குழந்தையின் விரலில் அதை மாட்டிப் பார்க்கிறார் அப்பா. ஆக்சிஜன் 98 சதவீதம், நாடித்துடிப்பு 138. தன் விரலில் மாட்டினால் 76. இரண்டு எண்ணையும் பார்த்ததும் பதறிப்போய், எல்லைப்பிள்ளைச்சாவடி குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ வண்டியைக் கிளப்புகிறார். அந்த 138-இல் ஒரு கோளாறும் இல்லை. குழந்தையைத் தன்னோடு ஒப்பிட்டதுதான் கோளாறு.

சின்ன இதயத்தின் கணக்கு

பெரியவர்களின் இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் இதயம் தள்ளுவது நான்கு, ஐந்து மில்லிதான். ஆனால் உடல் எடைக்குக் கிலோ கணக்கில் பார்த்தால், குழந்தைக்குப் பெரியவரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன் வேண்டும். வளர்ச்சிக்கும் உடல்சூட்டைக் காப்பதற்கும் அவ்வளவு செலவாகிறது.

நாம் மாடிப்படி ஏறும்போது இதயம் வேகத்தையும் கூட்டும், ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தையும் கூட்டும். கைக்குழந்தையின் இதயத்தசை அந்த அளவுக்கு விரிந்து கொடுக்காது. வேகத்தைக் கூட்டுவதுதான் அதற்குத் தெரிந்த முக்கிய வழி. சின்னச் சொம்பால் அண்டாவை நிரப்புகிறவர் பலமுறை மொள்ளத்தானே வேண்டும்? நாலரை மில்லி வீதம் 140 முறை துடித்தால் நிமிடத்துக்கு 630 மில்லி. அதே இதயம் நம்மைப் போல 72 முறை துடித்தால் அதில் பாதிதான் கிடைக்கும்.

வயதுக்கு வயது மாறும்

பிறந்த அன்றுதான் துடிப்பு உச்சத்தில் இருக்கும் என்று தோன்றும், அப்படி இல்லை. 2011-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, 69 ஆய்வுகளில் இருந்த சுமார் 1.43 லட்சம் குழந்தைகளின் அளவீடுகளைத் தொகுத்தது. பிறந்தபோது 127 ஆக இருந்த நடுநிலை அளவு ஒரு மாதத்தில் 145-க்கு ஏறி, இரண்டு வயதில் 113-க்கு இறங்கியது.

விழித்திருக்கும்போது ஒரு வயதுக்குள் 100 முதல் 180 வரை இயல்பு. ஒன்று முதல் மூன்று வயதுவரை 98–140, பள்ளிக்குப் போகும் முன் 80–120, ஆறு முதல் பன்னிரண்டு வரை 75–118. பதின்வயதில் நம் அளவான 60–100-க்கு வந்துவிடும். தூங்கும்போது எல்லா வயதிலும் இதைவிடக் குறையும். அழுதால், பால் குடித்தால், ஓடினால் கூடும்.

எண்ணும்போது கவனிக்க

பெரியவர்களுக்கான கிளிப் சின்ன விரலில் சரியாக உட்காராது. குழந்தை கையை ஆட்டினால் காட்டும் எண் நம்பத்தக்கதல்ல. கைக்குழந்தை அயர்ந்து தூங்கும்போது முழங்கைக்கு மேல், கையின் உட்பக்கத்தில் இரண்டு விரலை லேசாக வைத்துப் பாருங்கள். நெஞ்சில் காதை வைத்தும் எண்ணலாம். 1816-இல் பாரிஸில் லென்னெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடிக்கும்வரை மருத்துவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், இரண்டு துடிப்பு தவறினாலும் எட்டு மாறிவிடும்.

மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைந்து, விடும்போது தளரும். பிள்ளைகளிடம் இது சகஜம்.

காய்ச்சல் வந்தால்

உடல்சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் துடிப்பு சுமார் பத்து கூடும். தூக்கத்தில் 105 இருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு 39 டிகிரி காய்ச்சலில் 125, 130 வரை போவது இதயநோய் அல்ல. வீசிங்குக்கு நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமாலும் சிறிது நேரம் வேகத்தைக் கூட்டும். காய்ச்சல் இறங்கி, குழந்தை அமைதியாகப் படுத்த பிறகும் வேகம் குறையாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் நீரிழப்பு ஒரு காரணமாகலாம். சிறுநீர் குறைந்திருக்கிறதா, வாய் உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எப்போது ஓட வேண்டும்

எண்ணைவிட அது ஏறி இறங்குகிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இயல்பான வேகம் அழுகையில் ஏறும், மடியில் போட்டுத் தட்டினால் இறங்கும். இதயத்தின் மின்னோட்டக் கோளாறால் வரும் வேகம் திடீரென்று தொடங்கி, அழுதாலும் தூங்கினாலும் ஒரே எண்ணில் நிற்கும்: கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் 220-க்கு மேல், வளர்ந்த பிள்ளைக்கு 180-க்கு மேல். அப்போது காலைவரை காத்திருக்கக் கூடாது.

பால் குடிக்கும்போதே நெற்றி வியர்ப்பது, குடித்து முடிக்கத் திணறுவது, எடை ஏறாமை ஆகியவை இருந்தால் துடிப்பு எவ்வளவு இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தை துவண்டு மயங்கினாலோ, கைக்குழந்தையின் துடிப்பு 60-க்குக் கீழே போனாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.