மே மாதம் கை நழுவினால்?

தருமபுரி மாவட்டத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். அதை ஆராய நிதி கேட்டு ஒரு கல்லூரிப் பேராசிரியர் விண்ணப்பம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்லில் கறை, எலும்புக் கோளாறு, பாறையின் தன்மை, நீர் மாதிரி, வடிகட்டி, மறுபடியும் பாறை என்று பக்கம் பக்கமாக நெருக்கி எழுதியிருக்கிறார். மதிப்பிடுகிறவருக்கு, இவர் விஷயம் தெரிந்தவர் என்பது புரியும். என்ன செய்யப்போகிறார் என்பதுதான் பிடிபடாது.

இதைச் சீராக்க, ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றில் ஒன்றாகக் குறிக்க வேண்டும்: ஏற்கெனவே தெரிந்தது, இனி அறிய வேண்டியது, செய்யப்போகும் வேலை. தெரிந்தது முன்னுரைக்குப் போகட்டும். அதில் தாராளமாகக் கத்தரிக்கலாம்.

அறிய வேண்டியதிலிருந்து நோக்கங்கள் பிறக்கும். ‘ஃபுளோரைடை ஆராய்தல்’ நோக்கமாகாது. அது எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாதே! மழைக்கு முன்னும் பின்னும் அளவு எப்படி மாறுகிறது என்பது ஒரு நோக்கம். ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பிய வீட்டு வடிகட்டி இந்த நீரில் எவ்வளவு காலம் தாங்கும் என்பது இன்னொன்று. இரண்டே போதும்.

செய்யும் வேலைகளை வேலைத்தொகுதிகளாகக் கட்ட வேண்டும். நோக்கத்துக்கு ஒரு தொகுதி என்று பிரித்தால் சிக்கல்தான். ஒரே கிணற்று நீர் இரண்டு நோக்கங்களுக்கும் தேவை. அதை இரண்டு முறை எழுதினால் செலவுக் கணக்கும் இரட்டிக்கும். யார், எங்கே செய்கிறார் என்று பார்த்துப் பிரிப்பதே சரி. ஏப்ரலில் தொடங்கும் 24 மாதத் திட்டம் என்றால் அட்டவணை இப்படி வரும்:

| வேலைத்தொகுதி | மாதம் | மைல்கல் |
|---|---|---|
| நீர் மாதிரி எடுத்தல் | 1–10 | 2 (மே), 10 (ஜனவரி): 60 கிணறுகளிலும் மாதிரி எடுத்தாயிற்று |
| பரிசோதனை, வரைபடம் | 2–13 | 13: இரு பருவ வரைபடம் தயார் |
| வடிகட்டி | 1–20 | 9: ஆய்வகத்தில் கலந்த நீரில் தேறியது, 20: கிணற்று நீரில் முடிவு |

மைல்கல் என்றால் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். ‘பணியில் முன்னேற்றம்’ மைல்கல் அல்ல. வடிகட்டிக்கு ஓர் எண் வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம். ஒன்பதாம் மாதத்தில் 1.5-க்குக் கீழே இறங்காவிட்டால் எந்த மாற்று நிரப்புப் பொருளுக்குப் போவோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். கிணற்று நீரில் காரத்தன்மை கூடினால் அலுமினா ஃபுளோரைடைப் பிடிக்கும் திறன் குறையும். ஆய்வகத்தில் தேறியது கிணற்றடியில் தோற்கலாம் என்பதால்தான் இங்கே இரண்டு மைல்கற்கள்.

பத்தியாக எழுதியபோது மறைந்திருந்த ஆபத்தையும் அட்டவணை காட்டிக்கொடுக்கிறது. நிதி ஜூலையில் வந்தால் மே மாதம் கை நழுவிவிடும். அப்போது மழைக்குப் பிந்தைய சுற்றை முதலில் வைத்துக்கொள்ளலாம்: ஜனவரி 7-ஆம் மாதம், மே 11-ஆம் மாதம். வரைபடம் ஒரு மாதம் தள்ளிப்போகும். திட்டம் 24 மாதத்துக்குள் முடிந்துவிடும். இந்த மாற்று ஏற்பாட்டை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.