பேக்கிங் கிரெடிட்: கடிதத்தில் உள்ள தொகையும் கைக்கு வரும் தொகையும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆர்டர் உறுதியான நாளிலிருந்து அதற்கான டாலர் வங்கிக்கு வந்து சேர ஐந்தாறு மாதம் ஓடிவிடும். நூல் மில் அத்தனை நாள் காத்திருக்காது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று அடுத்தடுத்து நிற்பவர்களில் பலரும் வாரக் கூலி கொடுத்தாக வேண்டியவர்கள். சரக்கு கப்பலேறும் முன்பே இந்தச் செலவுகளுக்காக வங்கி தரும் ஏற்றுமதிக் கடன்தான் பேக்கிங் கிரெடிட். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'பி.சி.' என்பார்கள்.

கடன் ஒப்புதலாகிவிட்டால் வங்கியிலிருந்து சாங்ஷன் லெட்டர் வரும். பலரும் அதில் முதலில் பார்ப்பது லிமிட் தொகை, அடுத்து வட்டி. பார்த்ததும் கையெழுத்துப் போட்டு நகலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கடிதத்தை ஆர்டரின் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி படிப்பவர்கள் குறைவு. பிறகு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஆர்டரும் கடிதமும் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களில்தான் பிறக்கின்றன.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியிலிருந்து 40,000 டி-ஷர்ட் ஆர்டர் வந்திருக்கிறது. விலை ஒன்றுக்கு 3 டாலர். ஹாம்பர்க் துறைமுகம் வரை கப்பல் கட்டணமும் காப்பீடும் அந்த விலைக்குள் அடக்கம். கப்பலேற்றக் கடைசி நாள் டிசம்பர் 20. சரக்கேற்றி 60 நாளில் பணம். வங்கிக் கடிதமோ, லிமிட் 150 லட்சம், மார்ஜின் 10 சதவீதம், கெடு 90 நாள், வட்டி 9.5 சதவீதம் என்கிறது. 'கைவசம் ஒன்றரைக் கோடி இருக்கிறது, ஆர்டரோ ஒரு கோடிதான்' என்று முதலாளி நிம்மதியாக இருப்பார். அவருக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும்?

40,000 உருப்படிக்கு 1,20,000 டாலர். கணக்குக்காக ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 102 லட்சம். ஆனால் வங்கி இந்தத் தொகையை எடுத்துக்கொள்ளாது. பேக்கிங் கிரெடிட்டுக்கு அடிப்படை எஃப்.ஓ.பி. மதிப்பு, அதாவது இந்தியத் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையிலான மதிப்பு. கப்பல் கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் 4,000 டாலர் என்று வைத்துக் கழித்தால் மிஞ்சுவது 1,16,000 டாலர், ரூபாயில் 98.6 லட்சம். அதில் 10 சதவீதம் மார்ஜின், அதாவது நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. அதையும் கழித்தால் 88.74 லட்சம். வாங்குபவர் முன்பணம் அனுப்பியிருந்தால் அதுவும் இதில் கழியும்.

இந்த 88.74 லட்சமாவது முழுதாக வருமா என்றால் அதுவும் இல்லை. முந்தைய ஆர்டர் ஒன்றுக்காக எடுத்த 80 லட்சம் இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 150 லட்சத்தில் மீதம் 70 லட்சம்தான். இன்று கிடைப்பது அவ்வளவே. மீதி 18.74 லட்சத்துக்குப் பழைய கடன் தீரும்வரை காத்திருக்க வேண்டும்.

பழைய கடன் எப்போது தீரும்? இங்கேதான் கடிதத்தில் பலர் தாண்டிப் போகும் வரி ஒன்று வருகிறது. சரக்கு கப்பலேறியதும் ஏற்றுமதி ஆவணங்களை வங்கியிடம் கொடுத்தால், வங்கி அந்த பில்லை வாங்கிக்கொண்டோ டிஸ்கவுண்ட் செய்தோ அந்தப் பணத்தில் பேக்கிங் கிரெடிட்டை அடைத்துவிடும். கப்பலேறும் முன்பிருந்த கடன் கப்பலேறிய பின்னான கடனாக மாறிவிடும். இது நடக்க பில் லிமிட் என்று ஒன்று வேண்டும். அது இல்லாமல் பில் வசூலுக்கு மட்டும் அனுப்பப்பட்டால், ஜெர்மனிக்காரர் பணம் அனுப்பும்வரை பேக்கிங் கிரெடிட் அப்படியே நிற்கும். இன்னொரு வகையும் உண்டு. பேக்கிங் கிரெடிட்டும் பில்லும் சேர்ந்து மொத்தமே 150 லட்சம் என்று சில கடிதங்களில் எழுதியிருக்கும். அப்படியானால் கடன் பேக்கிங் கிரெடிட்டிலிருந்து பில்லுக்கு மாறினாலும் லிமிட்டில் இடம் காலியாவதில்லை. டாலர் வந்து சேர்ந்த பிறகே காலியாகும். இரண்டு லிமிட்டும் தனித்தனியா, ஒன்றுக்குள் ஒன்றா என்பதைக் கிளை மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டால் போதாது. எழுத்தில் வாங்க வேண்டும்.

அடுத்தது கெடு. 90 நாள் என்பது கடிதத் தேதியிலிருந்து ஓடுவதில்லை, பணம் எடுத்த நாளிலிருந்து ஓடும். நம் நிறுவனம் நூல் வாங்க செப்டம்பர் 10 அன்று பணம் எடுக்கிறது. 90 நாள் முடிவது டிசம்பர் 9. ஆர்டரில் கப்பலேற்றத்துக்கே டிசம்பர் 20 வரை அவகாசம் இருக்கிறது. எந்தத் தாமதமும் இல்லாமல், எல்லாம் சொன்ன நாளில் சொன்னபடி நடந்தாலும் இந்தக் கடன் கெடு தாண்டித்தான் தீரும்.

அது மட்டுமல்ல. கப்பலேறிய நாளிலேயே கடன் தீர்ந்துவிடாது. பில் ஆஃப் லேடிங் கைக்கு வர வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின் எல்லாம் சேர்த்து வங்கியில் கொடுக்க வேண்டும். அதற்கு ஒன்பது நாள் என்று வைத்தால் டிசம்பர் 29. எடுத்த நாளிலிருந்து 110 நாள். ஆக, இந்த ஆர்டருக்கு வேண்டிய கெடு 90 அல்ல, 120 நாள். ஜனவரி 8 வரை இடம் இருந்தால் சாயப்பட்டறையில் ஒரு லாட் திரும்பி வந்தாலும் சமாளிக்கலாம்.

கெடுவை நீட்டிக்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எத்தனை முறை நீட்டித்தாலும் மேலே ஒரு கோடு இருக்கிறது. முன்பணம் எடுத்த 360 நாளுக்குள் ஏற்றுமதி ஆவணங்களைக் கொடுத்துக் கடனைத் தீர்க்காவிட்டால், ஏற்றுமதிக் கடனுக்குரிய வட்டிச் சலுகை முதல் நாளிலிருந்தே பறிபோகும் என்பது ரிசர்வ் வங்கியின் நெடுநாளைய விதி. அமெரிக்கா வரியை உயர்த்திய பிறகு, 2025 நவம்பரில், 2026 மார்ச் 31 வரை வழங்கப்படும் கடன்களுக்கு இந்தக் காலத்தை 450 நாளாக ரிசர்வ் வங்கி தளர்த்தியது. அது நெருக்கடிக் காலச் சலுகை. அதை நம்பி வழக்கமான ஆர்டர்களைத் திட்டமிட முடியாது.

வட்டியில் 9.5 என்ற எண்ணை விட அது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். சிறு, நடுத்தர நிறுவனங்களின் மாறும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்படுகின்றன. ரெப்போ குறைந்தால் வட்டி எந்தத் தேதியில் குறையும், அதன்மேல் வங்கி வைக்கும் கூடுதல் எவ்வளவு என்ற இரண்டையும் கடிதம் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, கெடு தாண்டினால் என்ன விகிதம், ஏற்றுமதியே நடக்காவிட்டால் என்ன விகிதம் என்பதும் இருக்க வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு. முன்னது தாண்டிய நாட்களுக்கு மட்டும். பின்னது முதல் நாளிலிருந்து.

எண்ணில் பார்க்கலாம். 70 லட்சத்துக்கு 9.5 சதவீதம் என்றால் நாள் ஒன்றுக்கு சுமார் 1,822 ரூபாய். ஏற்றுமதி நடக்காமல் வங்கி 13 சதவீதம் போடுவதாக வைத்தால், வித்தியாசம் மட்டும் நாளொன்றுக்கு 671 ரூபாய். 360 நாளுக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஏறக்குறைய 2.42 லட்சம். உருப்படிக்கு ஆறு ரூபாய் போய்விட்டது என்று அர்த்தம். விலை பேசும்போது காசு காசாகப் பேரம் நடக்கும் தொழிலில் இது சின்னத் தொகை அல்ல.

முன்பு இருந்த வட்டி மானியத் திட்டம் 2024 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. இன்னமும் பழைய எக்ஸெல் தாளில் மூன்று சதவீதத்தைக் கழித்துவிட்டு விலை கணக்கிடும் நிறுவனங்கள் இருந்தால் உடனே திருத்திக்கொள்வது நல்லது. இனி எந்தத் திட்டத்தின் சலுகையானாலும் நிறுவனத்துக்கு அது பொருந்துவது உறுதியான பிறகுதான் விலையில் சேர்க்க வேண்டும்.

வட்டியைக் குறைக்க நிறுவனத்தின் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. 70 லட்சத்தையும் செப்டம்பர் 10 அன்றே எடுத்தால் 110 நாளுக்கு வட்டி சுமார் 2 லட்சம். அதற்குப் பதில் நூலுக்கு 30 லட்சம் அன்று, சாயத்துக்கும் துணி வேலைக்கும் 25 லட்சம் அக்டோபர் 15 அன்று, தையலுக்கும் பேக்கிங்குக்கும் 15 லட்சம் நவம்பர் 14 அன்று என்று எடுத்தால் வட்டி 1.52 லட்சம்தான். ஏறத்தாழ 48,000 ரூபாய் மிச்சம். ஒவ்வொரு தவணைக்கும் கெடு தனித்தனியாக ஓடும் என்பதால் பிந்தைய இரண்டும் 90 நாளுக்குள்ளேயே அடங்கிவிடும். முதல் 30 லட்சத்துக்கு மட்டும் கூடுதல் நாள் கேட்டால் போதும். கடிதம் தவணையாக எடுக்க அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஆர்டர். இந்தக் கடன் நிறுவனத்தின் பெயரை நம்பி மட்டும் தரப்படுவதில்லை, ஒரு குறிப்பிட்ட ஆர்டரோடு அல்லது எல்.சி.யோடு கட்டித் தரப்படுகிறது. வாங்குபவர் பெயர், சரக்கு விவரம், அளவு, விலை, கப்பலேற்ற நாள், பணம் வரும் விதம் இவையெல்லாம் ஆர்டரில் இருக்க வேண்டும். கடன் கொடுத்ததும் வங்கி அந்த ஆர்டரின் மீது குறித்து முத்திரையிடும். ஒரே ஆர்டரைக் காட்டி இரண்டு வங்கிகளில் பணம் வாங்காமல் இருக்கத்தான் அது. தொடர்ந்து ஏற்றுமதி செய்யும் நம்பகமான நிறுவனங்களுக்கு ரன்னிங் அக்கவுண்ட் முறையில், ஆர்டரைப் பின்னால் கொடுத்தாலும் போதும் என்று சலுகை உண்டு. அதில் வரும் பில்கள் மிகப் பழைய தவணையை முதலில் அடைக்கும்.

ஆர்டர் மாறும்போதுதான் கட்டு இறுகும். நவம்பரில் ஜெர்மனிக்காரர் 40,000 வேண்டாம், 28,000 போதும் என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். எஃப்.ஓ.பி. ஒன்றுக்கு 2.90 டாலர் என்ற கணக்கில் புதிய மதிப்பு 69.02 லட்சம். மார்ஜின் போக 62.12 லட்சம். எடுத்ததோ 70 லட்சம். 7.88 லட்சம் ஆர்டர் ஆதரவு இல்லாமல் தொங்குகிறது. வங்கிக்கு அன்றே தெரிவித்து, கையில் உள்ள வேறொரு ஆர்டரை அந்தத் தொகைக்கு ஈடாகக் காட்டலாம். வங்கி ஒப்புக்கொண்டால் அந்த ஆர்டரின் பில் பணத்தில் கடன் தீரும். நிறுவனத்தின் டாலர் கணக்கில் இருக்கும் பணத்திலும் அடைக்கலாம்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. மிஞ்சிய சரக்கைக் காதர்பேட்டையில் தள்ளிவிட்டு அந்த ரூபாயை வைத்துக் கடனைச் சத்தமில்லாமல் அடைப்பது. கடன் தீர்ந்துவிடும், ஆனால் ஏற்றுமதி நடந்த அளவுக்கு மட்டுமே உள்ளூர்ப் பணத்தில் அடைப்பது ஏற்றுமதிக் கடன் தீர்வாகக் கணக்காகும். மிச்சத்துக்கு வங்கி முதல் நாளிலிருந்து வணிக வட்டியைப் போடலாம். தணிக்கையில் இது வெளிவரும்போது ஒரு வருடம் கடந்திருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: பணம் எடுக்கும் நாளோடு கெடுவைக் கூட்டினால் வருவது ஒன்று, ஆர்டரின் கப்பலேற்ற நாளோடு ஆவணத்துக்கான பத்து நாளைக் கூட்டினால் வருவது இன்னொன்று. முதல் தேதி முன்னால் வந்தால், திருத்தக் கடிதத்தை அன்றே கேளுங்கள். 91-வது நாளில் கேட்டால் அது நீட்டிப்பு விண்ணப்பம். அதற்குள் கணக்கில் 'ஓவர்டியூ' என்று ஏறியிருக்கும்.